டிஷ்ஷைத் திருப்பும்போது எந்தக் கோட்டைப் பார்ப்பது?

மாரிக் காற்று ஒரு தடவை பலமாக அடித்தால் போதும். மறுநாள் எங்கள் தெருவில் நாலு கூரையிலாவது ஆள் நிற்கும். ஒருவர் மேலே நின்று டிஷ்ஷைத் திருப்புவார், இன்னொருவர் உள்ளே டிவிக்கு முன்னால் இருப்பார், நடுவில் ஒரு பிள்ளை வாசலில் நின்று இரண்டு பக்கமும் கத்தும். "வந்துட்டா?" "இல்ல!" "இப்ப?" "கொஞ்சம் வந்து போச்சு!" இப்படியே ஒரு மணித்தியாலம் போகும். கடைசியில் எப்படியோ படம் வரும். மேலே நிற்பவர் அந்த இடத்திலேயே நட்டை இறுக்கிவிட்டு இறங்குவார். அடுத்த மழைக்குப் படம் மறுபடி போய்விடும்.

இதில் யாரும் சோம்பேறி இல்லை. படம் வருகிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்து டிஷ்ஷைத் திருப்புவதுதான் பிரச்சினை. படம் ஒன்றும் சொல்லாது. சொல்வது ரிசீவரின் மெனுவுக்குள் இருக்கும் இரண்டு கோடுகள். ஒன்றுக்கு Signal Strength என்று எழுதியிருக்கும், மற்றதற்கு Signal Quality என்று இருக்கும். சில பெட்டிகளில் வெறும் Strength, Quality என்று மட்டும் இருக்கும். முதலாவதை நான் பலம் என்றும் இரண்டாவதைத் தரம் என்றும் எழுதுகிறேன். பலரும் பலத்தைத்தான் பார்க்கிறார்கள். அது பெரிய இலக்கமாகவும் எப்போதும் நிரம்பியும் இருப்பதால் கண் அங்கேதான் போகும். ஆனால் டிஷ் சரியான இடத்தைப் பார்க்கிறதா என்று சொல்வது தரம் மட்டும்தான்.

ஏன் என்று விளங்க ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒரு பிள்ளை எழும்பிப் பாடம் வாசிக்கிறது. வாசலில் நிற்கும் அதிபருக்கு அந்த அறையிலிருந்து எவ்வளவு சத்தம் வருகிறது என்பது பலம். வாசிக்கும் பிள்ளையின் சொற்களில் எத்தனை பிழையில்லாமல் அவருக்கு விளங்குகிறது என்பது தரம். வகுப்பே கூச்சல் போட்டால் சத்தம் கூடும், ஆனால் வாசிப்பு ஒரு சொல்லும் விளங்காது.

டிஷ்ஷின் முன்னால் கையை நீட்டிக்கொண்டு நிற்கும் எல்என்பி என்ற சிறு பெட்டிதான் இந்தக் கூச்சலுக்குக் காரணம். செய்மதி சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து வரும் அலை நம் கூரைக்கு வந்து சேரும்போது மிக மிகப் பலவீனமானது. எல்என்பி அதை ஒரு இலட்சம் மடங்கு, அதற்கும் மேலாகப் பெருக்கித்தான் கேபிளில் கீழே அனுப்புகிறது. ஆனால் செய்மதியின் அலையை மட்டும் பிரித்துப் பெருக்க அதற்குத் தெரியாது. தன் சொந்த இரைச்சலையும், முன்னால் இருக்கும் எந்தப் பொருளிலிருந்து வரும் இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும். அதனால் டிஷ் வெறும் வானத்தைப் பார்த்தாலும் பலம் 50, 60 என்று காட்டும். இன்னும் ஒன்று: சூடான பொருள்கள் எல்லாம் கொஞ்சம் இரைச்சலை வெளியிடுகின்றன. வெறும் வானம் டிஷ்ஷுக்கு மிகக் குளிரான இடம். தென்னை மரமும் சுவரும் அதைவிட எவ்வளவோ சூடானவை. ஆகவே டிஷ் வெறும் வானத்திலிருந்து ஒரு தென்னையின் பக்கம் திரும்பினால் பலம் ஏறும். "கோடு ஏறுது, அங்கேயே விடு" என்று கத்தினால் டிஷ் தென்னையைப் பார்த்தபடி நின்றுவிடும்.

போன மாரியில் பக்கத்து வீட்டு மாமியின் டிஷ்ஷில் நடந்ததை இலக்கங்களோடு எழுதுகிறேன். அதில் எல்லாம் இருக்கிறது.

மாமி விடியற்காலையில் இடியப்பம் அவித்து விற்பவர். பேரன் தரம் 11. அவன் பாடம் பார்ப்பதும் அந்த டிவியில்தான். காற்றுக்குப் பிறகு திரையில் சிக்னல் இல்லை என்று வந்தது. டிஷ் பூட்டுகிற ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் மெனுவைத் திறந்து பார்த்து, "பலம் 70 இரிக்கி, சிக்னல் நல்லா வருது. அப்ப பெட்டிதான் செத்துப்போச்சு" என்று சொல்லி, புதுப் பெட்டிக்கும் கூலிக்குமாக 14,000 ரூபாய் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். மாமி சீட்டுக் காசை எடுத்து வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மகன், அவரு சொல்றது சரிதானா? ஒருக்கா வந்து பாத்துட்டுச் சொல்லுங்களன்."

போய் மெனுவைத் திறந்தேன். பலம் 70. அதற்குக் கீழே தரம் 0, இடைக்கிடை 3 வரை துள்ளிவிட்டு மறுபடி 0.

பெட்டியைக் குறை சொல்ல முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. ஏணி தேவையில்லை. ரிசீவரைச் சுவர் ஆளியிலேயே நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கும் டிஷ் கேபிளைக் கழற்றி, மறுபடி போட்டு அதே பக்கத்தைப் பார்க்க வேண்டும். நிறுத்தாமல் கழற்றக் கூடாது. எல்என்பிக்கு வேண்டிய மின்சாரம், 13 அல்லது 18 வோல்ட், அதே கேபிளில்தான் போகிறது. நடுக் கம்பி வெளிப் பின்னலில் பட்டால் பெட்டிக்குக் கெடுதல். கேபிள் இல்லாமல் பலம் 0 ஆக விழுந்து, கேபிளைப் பூட்டியதும் மறுபடி 70 ஆக ஏறினால், அந்த 70 எல்என்பியிலிருந்து வருகிறது என்று அர்த்தம். எல்என்பிக்கு உயிர் இருக்கிறது, கேபிள் அறவில்லை, பெட்டியும் அளந்துகொண்டிருக்கிறது. கேபிளைப் பூட்டினாலும் கழற்றினாலும் ஒரே இலக்கம் நின்றால்தான் கேபிளையும் எல்என்பியையும் சந்தேகிக்க வேண்டும். மாமி வீட்டில் 0 ஆக விழுந்து மறுபடி 70 ஆனது. பலம் என்ற கோட்டின் உண்மையான வேலை இவ்வளவுதான். பாதை உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும். பாதை எங்கே போகிறது என்று சொல்லாது.

அடுத்தது திசை. நம் ஊர்களில் அதிகமான டிஷ்கள் பார்ப்பது கிழக்கு நெட்டாங்கு 45 பாகையில், பூமத்திய கோட்டுக்கு மேலே நிற்கும் இன்டெல்சாட் 38 என்ற செய்மதியை. கிழக்குக் கரையில் எங்கள் ஊரிலிருந்து கணக்குப் பார்த்தால் அது மேற்குத் திசையிலிருந்து 10 பாகை தெற்கே, அடிவானத்திலிருந்து சுமார் 47 பாகை உயரத்தில் வரும். கொழும்பிலும் திசை ஏறத்தாழ அதுவே, உயரம் மட்டும் 49 பாகை. போனில் உள்ள திசைகாட்டி கூரைத் தகட்டுக்கும் இரும்புத் தூணுக்கும் பக்கத்தில் பொய் சொல்லும். ஆனால் எங்கள் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு திசை இருக்கிறது. இங்கிருந்து கிப்லா மேற்கிலிருந்து வடக்கே சுமார் 23 பாகை. ஆகவே கிப்லாவை நோக்கி நின்று, இடது பக்கம் 33 பாகை திரும்பினால் செய்மதியின் திசை. கையை நேரே நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 பாகை. மூன்று முஷ்டியும் ஒரு விரலும் இடப்பக்கம். முதல் தேடலுக்கு இது போதும்.

உயரத்தில் ஒரு கண் மயக்கம் இருக்கிறது. நாம் பூட்டும் டிஷ்ஷில் எல்என்பி நடுவில் இல்லை, கீழிருந்து நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்த வகை டிஷ் தன் முகம் பார்க்கும் திசையைவிடச் சுமார் 25 பாகை மேலே இருந்து வரும் அலையைப் பிடிக்கும். அதனால் 47 பாகை உயரச் செய்மதிக்கு டிஷ் 22 பாகை மட்டும் சரிந்து, கிட்டத்தட்ட நேராக நிற்பதுபோலத் தெரியும். "வானத்தைப் பார்க்கவே இல்லையே" என்று யாராவது மேலே நிமிர்த்திவிட்டால் அதோடு போச்சு.

கூரைக்கு ஏறியதும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. டிஷ் தூணைச் சுற்றிப் பிடித்திருக்கும் வளையத்துக்குக் கீழே பழைய துருக்கோடு ஒன்று இருந்தது. வளையம் அந்தக் கோட்டிலிருந்து 8 மில்லிமீற்றர் வலது பக்கம் திரும்பியிருந்தது. பார்த்தால் ஒன்றுமில்லாத தூரம். ஆனால் தூணின் சுற்றளவு 16 சென்ரிமீற்றர். 160 மில்லிமீற்றர் ஒரு முழுச் சுற்று, 360 பாகை. அப்படியானால் 8 மில்லிமீற்றர் என்பது 18 பாகை. 60 சென்ரிமீற்றர் டிஷ்ஷின் பார்வை அகலமோ ஏறத்தாழ 3 பாகைதான். செய்மதியைத் தாண்டி ஆறு மடங்கு தூரம் போய், அடுத்த வளவுத் தென்னையின் ஓலையைப் பார்த்துக்கொண்டு நின்றது டிஷ். அந்த 70 தென்னையின் 70.

பேரனை டிவிக்கு முன்னால் இருத்தினேன். போனில் பேச்சு. ஒரே ஒரு விதி சொன்னேன்: "வந்துட்டா போச்சா எண்டு சொல்ல வேணாம். தரத்துல இரிக்கிற இலக்கத்த மட்டும் வாசி. வேற ஒண்டும் சொல்லாத." இலக்கம் வாசிக்கும் ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்தது. மற்றப் பாதி பொறுமை. பெட்டி அளந்து, கணித்து, திரையில் போட இரண்டு செக்கன் பிடிக்கும். கை அதைவிட வேகமாக நகர்ந்தால், இலக்கம் ஏறும்போது டிஷ் ஏற்கனவே அந்த இடத்தைத் தாண்டியிருக்கும். ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தூணிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் டிஷ் விளிம்பை ஒரு சென்ரிமீற்றர் நகர்த்தினால் டிஷ் கிட்டத்தட்ட 2 பாகை திரும்பும். 3 பாகை அகலப் பார்வைக்கு அது பெரிய பாய்ச்சல். ஆகவே நட்டை முழுதாகக் கழற்றாமல், கையால் அழுத்தினால் இறுக்கத்தோடு நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, விளிம்பை அரைச் சென்ரிமீற்றர் நகர்த்தி, இரண்டு செக்கன் நின்று, இலக்கம் கேட்டு, பிறகு அடுத்த நகர்வு.

வளையத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டு வந்தேன். தென்னையை விட்டு வெறும் வானத்துக்கு வந்ததும் பலம் 62 ஆகக் குறைந்தது என்றான் பேரன். பலத்தை நம்பியிருந்தால் அங்கே நின்று திரும்பிப் போயிருக்க வேண்டும். தரம் 0, 0, 0. துருக்கோட்டுக்குக் கிட்ட வந்ததும் திடீரென்று 18. அடுத்த அரைச் சென்ரிமீற்றருக்கு 41. படம் வந்துவிட்டது. உள்ளே மாமியின் குரல் கேட்டது: "போதும் மகன், வந்திட்டு! இறங்குங்க, விழுந்திடாம!"

இப்போது பலம் 76, தரம் 41. தென்னையைப் பார்த்தபோது பலம் 70. இரண்டுக்கும் வித்தியாசம் வெறும் 6. தரமோ 0 இலிருந்து 41 ஆனது. எந்தக் கோடு பேசுகிறது என்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

அதிகமானோர் இறங்குவதும் இந்த இடத்தில்தான். அடுத்த மழைக்குப் படம் போவதும் அதனால்தான். பழைய அன்டெனாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும், கொஞ்சம் கொஞ்சமாக மங்கும், நமக்கு விளங்கும். டிஜிட்டல் அப்படியில்லை. வரும் பிழைகளை ஓர் அளவு வரைக்கும் பெட்டியே திருத்திக்கொள்ளும். அதுவரை படம் கண்ணாடிபோல இருக்கும். அந்த அளவைத் தாண்டியதும் சதுரம் சதுரமாக உடைந்து, ஒரேயடியாகப் போய்விடும். கிணற்று விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நிற்பவரும் ஓர் அங்குலம் தள்ளி நிற்பவரும் படத்தில் ஒரேமாதிரித்தான் தெரிவார்கள். எங்கே நிற்கிறோம் என்பதைத் தரம் மட்டும்தான் சொல்லும்.

மாமியின் பெட்டிக்கு விளிம்பு எங்கே என்று பார்த்தேன். டிஷ்ஷை வேண்டுமென்றே மெல்ல விலக்கிக்கொண்டு போக, தரம் 32 இல் படம் உடையத் தொடங்கியது. ஆக 41 இல் நின்றபோது மழைக்கென்று கையில் இருந்தது 9 மட்டும். இந்த 32 எல்லாப் பெட்டிக்கும் பொதுவானதல்ல. பரீட்சைத் தாளுக்கு ஆசிரியருக்கு ஆசிரியர் புள்ளி போடுவதுபோல, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டப்படி இந்தச் சதவீதத்தைப் போடுகிறார். ஒரு பெட்டியின் 60 இன்னொன்றின் 85 ஆக இருக்கலாம். அடுத்த வீட்டு இலக்கத்தோடு ஒப்பிட வேண்டாம். அதே பெட்டியில் நேற்றைய இலக்கத்தோடு ஒப்பிடுங்கள்.

இனி உச்சியைக் கண்டுபிடிக்க வேண்டும். உச்சியை உச்சியிலேயே தேடுவது கஷ்டம். அங்கே இலக்கம் 58, 59, 58 என்று தட்டையாகக் கிடக்கும், எது நடு என்று தெரியாது. சரிவில்தான் இலக்கம் வேகமாக மாறும். ஆகவே சரிவைப் பயன்படுத்துவதுதான் வழி. டிஷ்ஷை இடது பக்கம் மெல்ல நகர்த்தி, தரம் 45 ஆக விழும் இடத்தில் தூணிலும் வளையத்திலும் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். பிறகு உச்சியைத் தாண்டி வலது பக்கம் நகர்த்தி, அதே 45 வரும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவில் வளையத்தை நிறுத்தினேன். தரம் 59. இரண்டு பக்கமும் ஒரேயளவு சரிவு இருப்பதால் நடுவே உச்சி. இனிமேல் காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒரேயளவு இடம் இருக்கிறது.

இதையே உயரத்துக்கும் செய்ய வேண்டும். பக்கவாட்டில் திருப்பும் நட்டைப் பாதி இறுக்கிவிட்டு, உயரத்து நட்டைத் தளர்த்தி, மேலே ஒரு 45, கீழே ஒரு 45, நடு. இப்போது 67. திசை மட்டும் பார்த்து உயரத்தை விட்டுவிடுவது பலரின் வழக்கம். காற்று தூணையே சற்றுச் சாய்த்திருந்தால் உயரமும் மாறியிருக்கும்.

மூன்றாவது எல்என்பியின் திருப்பம். செய்மதி ஒரே நேரத்தில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரண்டு விதமான அலைகளை அனுப்புகிறது. எல்என்பி அவற்றைப் பிரித்தெடுக்க, அதன் கோணம் அலையின் கோணத்தோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் ஒரு வகுப்பின் பாடம் அடுத்த வகுப்புக்குக் கேட்பதுபோல ஒன்றின் அலை மற்றதற்குள் கசியும். பலம் குறையாது, தரம் குறையும். எல்என்பியைப் பிடித்திருக்கும் கழுத்தைத் தளர்த்தி, டிஷ்ஷைத் தொடாமல், எல்என்பியை மட்டும் கடிகாரத் திசையில் கொஞ்சம், எதிர்த்திசையில் கொஞ்சம் திருப்பிப் பார்த்தேன். ஒரு பக்கம் 61, மறுபக்கம் 73. அதே பக்கத்தில் இன்னும் போக 70. ஆகவே 73 இல் நிறுத்தினேன். சில சனல்கள் மட்டும் உடைந்து மற்றவை நன்றாக வந்தால் முதலில் பார்க்க வேண்டியது இந்தத் திருப்பத்தைத்தான்.

கடைசியில் நட்டுகள். ஒரு பக்கத்து நட்டை முழுதாக இறுக்கிவிட்டு மற்றதுக்குப் போனால், இறுக்கமே டிஷ்ஷை இழுத்துவிடும். மாறி மாறிக் கால் சுற்று, கால் சுற்று. அப்படியும் 68 ஆக விழுந்தது. உயரத்து நட்டைச் சற்றுத் தளர்த்தி, கையால் தாங்கிப் பிடித்து, மறுபடி இறுக்க 72 இல் நின்றது. பலம் 78. முதலில் அது 70 ஆக இருந்தது என்பதை மறக்க வேண்டாம்.

மூன்றாம் நாள் இரவு நல்ல மழை. பேரன் போனில் இலக்கம் அனுப்பினான். பலம் 75, தரம் 51, படம் ஓடுகிறது. பலம் வெறும் 3 குறைந்திருக்க, தரம் 21 குறைந்தது. மழைத் துளிகள் செய்மதியின் அலையை விழுங்குகின்றன. அதேநேரம் மழையும் வானத்தைவிடச் சூடானது, தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்கிறது. வாசிக்கும் பிள்ளையின் குரல் இறங்க, வகுப்பின் கூச்சல் ஏறுகிறது. மொத்தச் சத்தம் பெரிதாக மாறாது. இந்த அளவுகோல் ஒழுங்கான கோல் இல்லை என்றாலும், 41 இலேயே இறங்கியிருந்தால் அந்த இரவு 32 க்குக் கீழே போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. மாமியின் சீட்டுக் காசு பெட்டிக்குப் போகவில்லை. புதுப் பெட்டி வாங்கியிருந்தால் அதுவும் தென்னையைப் பார்த்துக்கொண்டு 70 என்றே காட்டியிருக்கும்.

இந்த வேலைக்கு எல்லையும் உண்டு. கண் தெரியாத அளவுக்குக் கொட்டும் மழையில் எவ்வளவு சரியாகப் பூட்டிய டிஷ்ஷிலும் படம் போகும். மழை குறைந்ததும் தானாக வந்தால் டிஷ்ஷைத் தொட வேண்டாம். மழை நின்று வெயில் வந்த பிறகும் தரம் குறைவாகவே நின்றால், எல்என்பியோடு கேபிள் பொருந்தும் முனையைக் கழற்றிப் பாருங்கள், உள்ளே தண்ணீர் இருக்கும் அல்லது செம்புக் கம்பி பச்சை பிடித்திருக்கும். கரையோரத்து உப்புக் காற்றுக்கு இது சாதாரணம். முனையை வெட்டிப் புதிதாகப் பூட்டி, ரப்பர் டேப் சுற்றினால் சரி. காற்று வீசும்போது மட்டும் தரம் ஆடினால் தூணோ நட்டோ தளர்ந்திருக்கிறது. வருடக் கணக்கில் மெல்ல மெல்லக் குறைந்தால் டிஷ்ஷுக்கு நேரே எந்த மரம் வளர்ந்திருக்கிறது என்று பாருங்கள். பலம் குறைவு, தரம் நல்லம் என்றால் கேபிள் நீளம், அவ்வளவுதான். அதற்காக யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.

அஸ்பெஸ்டஸ் சீற் மேல் கால் வைக்காதீர்கள், அது உடையும். கிட்ட மின்சாரக் கம்பி இருந்தால் ஏறவே வேண்டாம், தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். ஆனால் அவர் வந்தால் தரம் எவ்வளவு என்று கேளுங்கள். வேலை முடிந்து இறங்கிய பிறகும் கேளுங்கள். வெயில் நாளில் வந்த அந்த இலக்கத்தை ரிசீவரின் முதுகில் ஒரு துண்டுக் கடதாசியில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை படம் போகும்போது அதுதான் உங்களுக்குச் சாட்சி.

யாருக்காவது இப்போது இந்தப் பிரச்சினை இருந்தால் கீழே எழுதுங்கள். படத்தை விபரிக்கத் தேவையில்லை. பலம் எவ்வளவு, தரம் எவ்வளவு, கேபிளைக் கழற்றினால் பலம் எவ்வளவு. இந்த மூன்று இலக்கமும் போதும்.